மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்துவிடும் பிள்ளைகள்: குறுவிரைவு ஓட்டப் புறப்பாட்டைக் கற்றுக்கொடுக்கும் வரிசை

"அண்ணாச்சி, நாங்குநேரிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்பில் நாலைந்து பேர் நல்ல ஓட்டக்காரர்கள். கிரவுச் ஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்துவிடுகிறார்கள். ‘குனிந்தே ஓடு’ என்று எவ்வளவு கத்தினாலும் பலனில்லை. பள்ளியில் ஸ்டார்ட்டிங் பிளாக் ஒரே ஒரு ஜோடிதான், அதுவும் ஆட்டம் கண்டது. குறுவட்டப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, முதல் வேலையாக அந்தக் ‘குனிந்தே ஓடு’ என்ற கட்டளையை நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்கும் பிள்ளை இடுப்பில் மடங்கி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, கால்களைக் குறுக்கிக் குறுக்கி ஓடுவான். பார்ப்பதற்குக் குனிந்திருப்பான், வேகம் கூடாது. நமக்கு வேண்டியது குதிகாலிலிருந்து தலை வரை ஒரே கோடாகச் சாய்ந்த உடல். அந்தச் சாய்வைப் பிள்ளை நினைத்து வைத்துக்கொள்ள முடியாது. கால் தரையைப் பின்னால் தள்ளுகிறது, உடல் முன்னே வேகம் எடுக்கிறது. வேகம் கூடிக்கொண்டிருக்கும் வரைதான் சாய்ந்த உடல் விழாமல் நிற்கும். தள்ளல் குறைந்த கணமே உடலுக்கு இரண்டு வழிதான்: முகம் குப்புற விழ வேண்டும், அல்லது நிமிர வேண்டும். பிள்ளைகள் நிமிர்கிறார்கள். ஆகவே மூன்றாவது அடியில் நிமிர்வது முதல் இரண்டு அடிகளில் நடந்த ஏதோ ஒன்றின் விளைவு. அங்கேதான் தேட வேண்டும்.

எவ்வளவு தூரம் சாய்ந்து ஓடினால் போதும் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 9.58 வினாடியில் ஓடிய காணொளியைப் பார்த்துவிட்டு, 30 மீட்டர் வரை தலை தூக்கக்கூடாது என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அன்று அவர் தன் உச்ச வேகத்தை எட்டியது 60 மீட்டரைத் தாண்டிய பிறகு. அவ்வளவு நேரம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக முடிந்ததால்தான் அவரால் படிப்படியாக நிமிர முடிந்தது. நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 30, 40 மீட்டருக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள். அவர்கள் 10 முதல் 15 மீட்டருக்குள் நிமிர்ந்துவிட்டால் அது இயல்பு, குறையல்ல. மூன்றாவது அடிக்கும் பத்தாவது மீட்டருக்கும் இடையில் உள்ள அந்த ஐந்தாறு அடிகளை மீட்பதுதான் உங்கள் ஆறு வார வேலை.

என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். முதல் மூன்று அடிகள் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். உங்கள் ஊர்ச் செம்மண் மைதானம் இந்த விஷயத்தில் செயற்கை ஓடுதளத்தைவிட மேலான கருவி. புறப்பாட்டுக் கோட்டுக்கு முன்னால் ஐந்து மீட்டர் நீளத்துக்கு, ஒரு தடத்தின் அகலத்துக்கு, விளக்குமாற்றால் பெருக்கிவிடுங்கள். மேலே மெல்லிய புழுதி மட்டும் இருக்க வேண்டும். அடியில் தரை கெட்டியாக இருக்க வேண்டும். நெருஞ்சி முள்ளும் உடைமுள்ளும் இதே பெருக்கலில் போய்விடும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவதால் அதுவும் தேவை. ஒருவர் ஓடியதும் தடங்களைப் படியுங்கள், பிறகு மீண்டும் பெருக்குங்கள்.

தடத்தில் இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று, அதன் உருவம். விரல்களும் பாதத்தின் முன்பகுதியும் மட்டும் ஆழமாகப் பதிந்து, மண் பின்பக்கம் சிதறியிருந்தால் அந்தக் கால் தள்ளியிருக்கிறது. குதிகால் பதிந்திருந்தாலோ, தடத்தின் முன்விளிம்பில் மண் சின்னதாகக் குவிந்திருந்தாலோ கால் உடம்புக்கு முன்னே போய் ஊன்றி, ஓட்டத்துக்குத் தடை போட்டிருக்கிறது. இரண்டாவது செய்தி, இடைவெளி. இதை அந்தப் பிள்ளையின் பாத நீளத்தாலேயே அளக்கச் சொல்லுங்கள். கிரவுச் ஸ்டார்ட்டில் முன்னங்கால் கோட்டுக்கு இரண்டு பாதம் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் அடியின் விரல்நுனி கோட்டைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரைப் பாதத்தில் விழ வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிட அரைப் பாதம் அளவுக்கு நீண்டுகொண்டே போக வேண்டும். நெடுங்காலன்களுக்கும் குட்டையானவர்களுக்கும் இந்தக் கணக்கு சற்றே மாறும். ஆனால் எந்தப் பிள்ளைக்கும் இரண்டாவது அடி முதல் அடியைவிடக் குறுகக்கூடாது. குறுகினால் முதல் அடி எட்டிப்போட்ட அடி என்று பொருள்.

ஒரு பிள்ளையின் தடங்களைக் கணக்காகவே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாத நீளம் 23 செ.மீ. முன்னங்காலைக் கோட்டுக்கு 46 செ.மீ. பின்னால் வைத்திருந்தாள். முதல் தடம் கோட்டிலிருந்து 75 செ.மீ. தள்ளி, குதிகால் தெளிவாகப் பதிந்து கிடந்தது. அதாவது முதல் அடி மொத்தம் 121 செ.மீ. அடுத்த அடி 100 செ.மீ., அதற்கடுத்தது 125. முதல் அடியில் எட்டினாள், அந்தக் கால் அவளை நிறுத்தியது, இரண்டாவது அடியில் தடுமாறி மேலே எழுந்தாள், மூன்றாவதில் நிமிர்ந்து ஓடத் தொடங்கிவிட்டாள். நீங்கள் சொல்லும் அதே குறை.

அவளிடம் ‘அடியைச் சின்னதாகப் போடு’ என்று சொல்லவில்லை. சொன்னால் கால்கள் தடதடவென்று அடிக்குமே தவிர, தள்ளாது. அவள் எட்டியதற்குக் காரணம் இரண்டு இருந்தன. ‘செட்’ சொன்னபோது இடுப்பைப் போதுமான அளவு தூக்காமல் பாதி உட்கார்ந்த நிலையிலேயே இருந்தாள். அதனால் கிளாப் அடித்ததும் உடல் முதலில் மேலே எழுந்துதான் முன்னே போனது. அடுத்தது, முன்னங்காலால் தள்ளி முடிப்பதற்குள் அதை எடுத்துவிட்டாள்; தள்ளலில் கிடைக்காத தூரத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். இடுப்பைத் தோளைவிடச் சற்று மேலே தூக்க வைத்துவிட்டு, ‘முன்னங்காலால் தள்ளி முடி’ என்ற ஒரே சொல்லோடு, இரண்டு காலும் ஒரு கையும் மட்டும் ஊன்றும் மூன்று புள்ளிப் புறப்பாட்டுக்கே அவளைத் திருப்பி அனுப்பி, அங்கிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தோம். பிறகு கிரவுச்சில் அளந்தபோது முதல் தடம் கோட்டிலிருந்து 52 செ.மீ.; அதாவது முதல் அடி 98. அடுத்தடுத்த அடிகள் 104, 116, 127. குதிகால் தடம் இல்லை. நிமிர்வதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே நிமிர்வது தள்ளிப்போய்விட்டது.

இப்போது பயிற்சி வரிசைக்கு வருகிறேன். பெரும்பாலான பள்ளிகளில் முதல் நாளே பிள்ளைகளைக் கோட்டில் மண்டியிடச் சொல்லித் தொடங்குகிறோம். புறப்பாட்டின் மிகக் கடினமான நிலை அதுதான். அதைக் கடைசியில் வைத்து, முதல் அடிகளைத் தனியாக முதலில் கற்றுக்கொடுங்கள்.

முதல் வாரம் தள்ளல் மட்டும். இருவர் இருவராக எதிரெதிரே நிற்கட்டும். ஒருவன் மற்றவனின் தோள்களில் இரு கைகளையும் வைத்துச் சாய்ந்து தள்ளிக்கொண்டு ஐந்து மீட்டர் நடக்க வேண்டும். தள்ளப்படுபவன் கொஞ்சம் தாங்கிக் கொடுத்துப் பின்வாங்க வேண்டும். நடுவழியில் நின்றுபோன மினி பஸ்ஸை இறங்கித் தள்ளிய அனுபவம் இல்லாத பிள்ளை நம் பக்கத்தில் அபூர்வம். அங்கே யாரும் காலை இடுப்புக்கு முன்னே ஊன்றுவதில்லை, இடுப்பை மடக்குவதுமில்லை. அதையே நினைவுபடுத்தி ‘வண்டியைத் தள்ளு’ என்று சொன்னால் போதும். கோணம், சாய்வு என்ற பேச்சே வேண்டாம். நடையில் சரியாக வந்ததும் துள்ளிய ஓட்டமாக்குங்கள்.

அதே வாரத்தின் இரண்டாம் வகுப்பில் சாய்ந்து விழும் புறப்பாடு. இரு பாதங்களையும் சேர்த்து நிமிர்ந்து நின்று, கணுக்காலிலிருந்து உடல் முழுவதையும் முன்னே சாய்க்க வேண்டும். இனி விழுந்துவிடுவோம் என்ற கணத்தில் ஓட வேண்டும், 10 மீட்டர் போதும். இங்கே தவறாமல் வரும் பிழை இடுப்பில் வணங்குவது. அப்படிச் செய்பவனைக் கூட்டாளி முன்னால் நின்று மார்பில் கை வைத்துத் தாங்கிப் பிடித்து, அவன் கட்டை போலச் சாய்ந்ததும் விலகிக்கொள்ளட்டும். இந்தப் பயிற்சியில் இன்னொரு பயனும் உண்டு. விழும்போது எந்தக் கால் தானாக முன்னே பாய்கிறது என்று மூன்று முறை பாருங்கள். அந்தக் கால்தான் கிரவுச்சில் பின்னங்கால். வலது கைக்காரன் இடது காலை முன்னே வைக்க வேண்டும் என்று பொதுவிதி சொல்லிக் குழப்ப வேண்டாம்.

இரண்டாம் வாரம் குப்புறப் படுத்து எழும் புறப்பாடு. மார்பு தரையில், உள்ளங்கைகள் தோளருகே. கிளாப் சத்தம் கேட்டதும் எழுந்து 15 மீட்டர் ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. நமக்கு இது நல்ல ஆசான். தரையிலிருந்து எழுகிறவனால் தள்ளாமல் நகரவே முடியாது, நிமிர்ந்து நிற்க நேரமும் கிடைக்காது. 40 பேர் உள்ள வகுப்பை ஐந்து வரிசையாக நிறுத்தினால், ஒருவன் ஓடிவிட்டுத் திரும்ப முறை வருவதற்குள் அவனுக்குத் தேவையான ஓய்வும் கிடைத்துவிடும். பத்து மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு நிமிட ஓய்வு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதியில் குளத்துக்குக் குறைவில்லை. கரையின் பக்கச்சரிவு மிகவும் செங்குத்து, அதில் ஓடவிட்டால் பிள்ளைகள் தாவித் தாவி ஏறுவார்களே தவிர ஓட மாட்டார்கள். கரைமேல் வண்டி ஏறும் பாதை மெல்ல உயர்ந்து போகும் அல்லவா, அது சரியான இடம். அங்கே மேல்நோக்கி 10 மீட்டர், ஒரு வகுப்பில் நான்கைந்து முறை. ஏற்றத்தில் எட்டி அடிபோட இடமில்லை என்பதால் கால் தானாக உடம்புக்குக் கீழே ஊன்றும். திசையன்விளைப் பக்கத்துப் பள்ளிகள் தேரி மணலில் ஓடவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பொதுவான கால் பலத்துக்கு அது சரி. புறப்பாடு கற்றுக்கொடுக்க அது உதவாது. தள்ளும் கால் மணலில் புதைந்து வழுக்குவதால், பிள்ளை தள்ளுவதை விட்டுவிட்டுக் காலைத் தூக்கப் பழகிவிடுகிறான்.

மூன்றாம் வாரம் மூன்று புள்ளி: இரண்டு கால், ஒரு கை. முன்னங்காலுக்கு எதிர்ப்பக்கக் கை தரையில், மற்றக் கை பின்னால் இடுப்பருகே. நான்கு புள்ளியைவிட இதில் இடுப்பு இயல்பாகவே உயரமாக இருக்கும். கால் பலம் குறைந்த பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய உதவி. எட்டாம் வகுப்புச் சிறுவர்களுக்கு இதிலேயே முழுப் பருவமும் ஓடலாம். பலம் வராத பிள்ளையைத் தாழ்ந்த கிரவுச்சில் உட்காரவைத்தால், நின்று புறப்படுவதைவிட மெதுவாகத்தான் புறப்படுவான்.

நான்காம் வாரம்தான் கிரவுச். கோட்டிலிருந்து இரண்டு பாதம் பின்னால் முன்னங்கால், மூன்று பாதம் பின்னால் பின்னங்கால். கைகள் தோளகலத்துக்குச் சற்றே விரிந்து, கட்டை விரலும் மற்ற விரல்களும் கோட்டுக்குப் பின்னால் பாலம் போட்டிருக்க வேண்டும். ‘செட்’ என்றதும் இடுப்பு தோளைவிடச் சற்று மேலே எழ வேண்டும், தோள்கள் விரல்களுக்கு நேர்மேலே அல்லது ஒரு சிறிது முன்னே. இந்த நிலையில் முன்னங்கால் முழங்காலில் ஏறத்தாழ 90 பாகை இருக்க வேண்டும். கணிதப் பெட்டியில் உள்ள மூலைமட்டத்தைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே காட்டினால் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சரிபார்த்துவிடுவார்கள். பின்னங்கால் அதைவிட நன்றாக விரிந்து, 120, 130 பாகையில் இருக்கும். முன்முழங்கால் 90-க்குக் குறைந்து மடங்கியிருந்தால் அந்தப் பிள்ளையின் பலத்துக்கு அது தாழ்வு. இடுப்பைத் தூக்கச் சொல்லுங்கள், அப்போதும் சரியாகாவிட்டால் பாதங்களைக் கோட்டிலிருந்து அரைப் பாதம் பின்னே நகர்த்துங்கள்.

எடை எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் எளிய சோதனை: ‘செட்’டில் நிற்கும்போது ஒரு கையை மெல்ல எடுக்கச் சொல்லுங்கள். உடனே முகம் கவிழ்ந்தால் எடை முழுவதும் கையில் இருக்கிறது. அவன் புறப்படும்போது தடுக்கி விழுவான். ஒன்றுமே ஆகாமல் அப்படியே நின்றால் எடை பின்னால் தங்கிவிட்டது. கை எடுத்ததும் மெதுவாக முன்னே சரிய வேண்டும். பார்வை கோட்டுக்கு ஒரு முழம் முன்னே தரையில். ‘எல்லைக் கோட்டைப் பார்’ என்று எங்கிருந்தோ ஒரு சொல் பள்ளிகளில் புகுந்திருக்கிறது. பார்க்க முயன்றால் கழுத்து நிமிரும், கழுத்தோடு முதுகும் நிமிரும். முதல் அடிகளில் நிமிர்வதற்கு மண்ணில் தடம் விடாத காரணம் இது ஒன்றுதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

பிளாக் இல்லாததற்காக வருந்த வேண்டாம். கூட்டாளி பின்னால் தரையில் உட்கார்ந்து, தன் உள்ளங்கால்களை ஓடுபவனின் பாதங்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தால் போதும். அந்தப் பழைய பிளாக்கை மட்டும், ஆணிகள் தரையில் உறுதியாக இறங்குகிறதா என்று பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். தள்ளும்போது ஒருமுறை வழுக்கினால் பிள்ளை பிறகு எத்தனை மாதமானாலும் முழுப் பலத்தோடு தள்ள மாட்டான். முழுப் போட்டி விதிப்படி 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குப் பிளாக் கட்டாயம். குறுவட்டத்தில் நடைமுறை என்ன என்பதைப் போட்டி நடத்தும் பள்ளியிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துக் கடைசி இரண்டு வாரம் பிளாக்கிலோ தரையிலோ பழகட்டும்.

ஓடுவதற்கு முன் ஒரே ஒரு சொல், அதுவும் ஓடும்போது கத்தக்கூடாது. என் பட்டியலில் நாலைந்து சொற்களுக்கு மேல் இல்லை: ‘வண்டியைத் தள்ளு’, ‘தள்ளி முடி’, ‘தரையைப் பின்னால் அனுப்பு’, கை மந்தமாக இருப்பவனுக்கு ‘முழங்கையைப் பின்னால் வீசு’. இவற்றில் பெரும்பாலானவை உடல் உறுப்பைவிடத் தரையையும் வேலையையும் பற்றிப் பேசுவதைக் கவனியுங்கள். முழங்காலை இத்தனை தூக்கு, முதுகை இப்படி வை என்று சொன்னால் பிள்ளை தன்னைத்தானே கண்காணிக்கத் தொடங்கி இறுகிவிடுகிறான். ஒரு சொல்லை மூன்று ஓட்டத்துக்குக் கொடுங்கள். தடம் மாறவில்லையென்றால் சொல்லை மாற்றுங்கள், உரக்கச் சொல்வதால் மாறாது. ஒரு வகுப்பில் முழுவேகப் புறப்பாடு எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். குதிகால் தடங்கள் திரும்பத் தோன்றினால், எண்ணிக்கை முடியாவிட்டாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த கால் பழைய பழக்கத்தைத்தான் எழுதிவைக்கும்.

ஸ்டாப்வாட்ச்சை நம்பி முன்னேற்றத்தை அளக்காதீர்கள். 10 மீட்டர் ஓட்டத்தில் நாம் தேடும் வித்தியாசம் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குதான். கைவிரல் அழுத்தும் பிழையே அவ்வளவு இருக்கும். போதாததற்கு உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஓயாது. எதிர்க்காற்றில் பிள்ளை சாய்ந்து நிற்கக் காற்றே முட்டுக் கொடுக்கும், நிமிரும் குறை மறைந்துபோகும். பின்காற்றில் எல்லோரும் வேகக்காரர்களாகத் தெரிவார்கள். காற்று பக்கவாட்டில் வருமாறு தடத்தைப் போடுங்கள், அல்லது காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் வையுங்கள். ஒரே திறனுள்ள இருவரை ஒருவர் பக்கத்தில் ஒருவர் ஓடவிட்டு, 10 மீட்டரில் யார் முன்னே என்று பாருங்கள். அதுவும் தடமும் போதும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து கிளாப். 2010 முதல் ஒரே ஒரு தவறான புறப்பாட்டுக்கே வெளியேற்றம் என்பது சர்வதேச விதி. தனி ஓட்டங்களில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. எனவே ‘செட்’டுக்கும் கிளாப்புக்கும் இடையே ஒருமுறை ஒரு வினாடி, ஒருமுறை இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு என்று மாற்றி மாற்றி அடியுங்கள். சில முறை அடிக்காமலே ‘எழுந்திரு’ என்று சொல்லுங்கள். ஒரே தாளத்தில் அடித்துப் பழக்கினால் பிள்ளை சத்தத்தைக் கேட்காமல் தாளத்தை ஊகித்துப் புறப்படுவான், போட்டியில் வேறொருவர் அடிக்கும்போது மாட்டிக்கொள்வான்.

ஆறாம் வாரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம். இரண்டே வகுப்பு, வகுப்புக்கு ஐந்தாறு புறப்பாடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் இரண்டு அளவுகள், முன்னங்கால் எத்தனை பாதம், பின்னங்கால் எத்தனை பாதம் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். போட்டி நாளில் அழைத்த பிறகு கோட்டருகே கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் தானே அளந்து, ஒருமுறை புறப்பட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும் அளவுக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாமலே ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.